இரண்டு சதவீதத் தள்ளுபடியா, மூன்று வட்டியா?

நாடு முழுவதும் பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்குவது என்று 2020இல் மத்திய அரசு வைத்த இலக்கு, 2025 பிப்ரவரியில் எட்டப்பட்டது. அமைப்பைப் பதிவு செய்வது, பங்குத்தொகை திரட்டுவது என்ற கட்டத்தைத் தாண்டி, இவற்றில் பல இப்போது உண்மையான வியாபாரத்துக்குள் நுழைந்திருக்கின்றன. மஞ்சளை விரலியாக ஏலத்துக்குக் கொண்டுபோகாமல் அரைத்துப் பொடியாக விற்கிறார்கள். நிலக்கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கிறார்கள். வாங்குபவர் உள்ளூர் வியாபாரியாக இல்லாமல் மசாலா கம்பெனியாகவோ பெரிய பல்பொருள் அங்காடியாகவோ இருக்கிறார்.

அங்கேதான் புதிய சிக்கல் ஒன்று வருகிறது. மண்டிக்காரர் பணம் கொடுக்கும் கணக்கு நமக்குத் தெரியும். அன்றைக்கே கொடுத்தால் இந்த விலை, அடுத்த வாரம் என்றால் அந்த விலை என்று முகத்துக்கு நேரே பேசி முடித்துவிடுவோம். பெரிய கம்பெனியிடம் அந்தப் பேச்சு கிடையாது. அவர்கள் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘நெட் 30’ என்று, அல்லது ‘2/10 நெட் 30’ என்று. நம் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி விலையையும் அளவையும் மூன்று முறை படிப்பார். இந்த வரியை ஒருமுறைகூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அந்த ஆண்டு லாபமா நட்டமா என்பதைப் பல நேரங்களில் முடிவு செய்வது இந்த வரிதான்.

‘நெட் 30’ என்றால் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் முழுத் தொகையையும் தர வேண்டும் என்று பொருள். ‘2/10 நெட் 30’ என்றால், 10 நாளுக்குள் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் 30ஆம் நாளுக்குள் முழுத் தொகை. இரண்டு சதவீதம்தானே, பணம் சீக்கிரம் வந்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். அதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

ஊரில் கடன் வாங்கும்போது ‘நூற்றுக்கு ஒரு வட்டி, இரண்டு வட்டி’ என்கிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று அதற்குப் பொருள். தள்ளுபடியையும் அதே அளவுகோலில் அளக்கலாம். 30ஆம் நாள் வர வேண்டிய 100 ரூபாயை 10ஆம் நாளே 98 ரூபாயாக வாங்கிக்கொள்கிறீர்கள். அதாவது 98 ரூபாயை 20 நாள் முன்கூட்டிப் பெறுவதற்கு 2 ரூபாய் கொடுக்கிறீர்கள். 20 நாளுக்கு 2 ரூபாய் என்றால் 30 நாளுக்கு 3 ரூபாய். ஆக, இது நூற்றுக்கு மூன்று வட்டிக் கடன். ஆண்டுக் கணக்கில் 37 சதவீதத்தைத் தொடும். மூன்று வட்டிக்குக் கடன் வாங்கி நிறுவனத்தை நடத்தலாமா என்று இயக்குநர் கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதே கடன் ‘தள்ளுபடி’ என்ற பெயரில் வந்தால் யாரும் கேட்பதில்லை.

தள்ளுபடிக்கான கெடுவுக்கும் கடைசிக் கெடுவுக்கும் இடையே எத்தனை நாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த நாள்கள் குறையக் குறைய வட்டி ஏறும். அதே 2 சதவீதம் ‘2/10 நெட் 60’ என்று இருந்தால், இடைவெளி 50 நாள். வட்டி ஒன்றேகாலுக்குக் கீழே இறங்கிவிடும். அது வேறு பேச்சு.

மஞ்சள் பொடி பில் ஒன்று

ஈரோட்டுப் பக்கம் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நான் வைக்கும் எண்கள் இவை. நான்கு டன் மஞ்சள் பொடி, கிலோ 200 ரூபாய். மதிப்பு 8 லட்சம். அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 40,000. பில் தொகை 8,40,000 ரூபாய். உறுப்பினர்களிடம் விரலி வாங்கியது, அரவை, பரிசோதனை, பை, லாரி எல்லாம் சேர்த்து அடக்கம் கிலோவுக்கு 185 ரூபாய் என்றால், இந்த லோடில் மீதி 60,000 ரூபாய். நிபந்தனை ‘2/10 நெட் 30’. தள்ளுபடி வரிக்கு முந்தைய மதிப்பில் கணக்கிடப்படுகிறது, அதாவது 16,000 ரூபாய். இரண்டு சதவீதம் என்று சொன்னது, கையில் நிற்கும் லாபத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல்.

பில் போட்டது பிப்ரவரி 3. அந்தத் தேதியிலிருந்து எண்ணினால் தள்ளுபடிக் கெடு பிப்ரவரி 13, கடைசிக் கெடு மார்ச் 5. கம்பெனி 13ஆம் தேதியே 8,24,000 ரூபாய் கொடுத்தால், 20 நாள் முன்கூட்டி வந்ததற்கு 16,000 ரூபாய் விலை கொடுத்திருக்கிறோம். இதே தொகையை வங்கியின் ரொக்கக் கடன் கணக்கில், ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது ஒரு வட்டிக்கு எடுத்திருந்தால் 20 நாளுக்கு ஏறக்குறைய 5,500 ரூபாய்தான் ஆகியிருக்கும். வங்கி வரம்பு இருக்கிற நிறுவனம் இந்தத் தள்ளுபடியைக் கொடுப்பதில் பொருளே இல்லை. வங்கி வரம்பு இல்லாமல், உறுப்பினர்களுக்குப் பணம் கொடுக்க வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கும் நிறுவனத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதுவரை காகிதத்தில் உள்ளபடி. நடைமுறையில் லோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். லாரி பிப்ரவரி 5 அன்று கம்பெனி கிடங்கில் இறங்குகிறது. குர்குமின் அளவு, ஈரப்பதம், பூச்சிமருந்து எச்சம், ஈயம் கலந்த சாயம் என்று ஆய்வகத்துக்கு மாதிரி போகிறது. அறிக்கை 12ஆம் தேதி. அதைப் பார்த்து 13ஆம் தேதி சரக்கு வரவு ரசீது போடுகிறார்கள். பில் கணக்குப் பிரிவுக்குப் போய்க் கணினியில் ஏறுவது 16ஆம் தேதி. அந்தக் கம்பெனி மாதம் இரண்டு முறை, 10ஆம் தேதியும் 25ஆம் தேதியும்தான் பணம் விடுவிக்கும்.

இப்போது கேள்வி, நாள் எண்ணுவது எந்தத் தேதியிலிருந்து? நாம் பில் தேதி என்று நினைக்கிறோம். அவர்களுடைய கணினி 16ஆம் தேதியிலிருந்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் தள்ளுபடிக் கெடு பிப்ரவரி 26. ஆகவே 25ஆம் தேதி 16,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,24,000 ரூபாயை அனுப்பிவிட்டு, ‘பத்து நாளுக்குள் கொடுத்துவிட்டோம்’ என்கிறார்கள். நம் பில் தேதிப்படி அது 22ஆம் நாள். மார்ச் 5 அன்று எப்படியும் முழுதாக வர வேண்டிய பணம் எட்டே நாள் முன்னதாக வந்திருக்கிறது. அதற்கு நாளொன்றுக்கு 2,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். மாதத்துக்கு மாற்றினால் ஏழு வட்டிக்கும் மேல்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பில் நோட்டில் மூன்று தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும்: பில் தேதி, லோடு இறங்கிய தேதி, வங்கியில் பணம் ஏறிய தேதி. கூடவே பிடித்த தொகை. ஒரு பருவத்துக்குப் பத்துப் பில்கள் இருந்தாலே அந்தக் கம்பெனியின் குணம் தெரிந்துவிடும். நான் பார்த்த நிறுவனங்களில் பலவற்றில் முதல் தேதியும் கடைசித் தேதியும் வெவ்வேறு நோட்டில், வெவ்வேறு ஆள் கையில் இருக்கின்றன. தொகை 16,000 குறைவாக வந்ததை ஆடிட்டர் ஆண்டு முடிவில் கேட்கும்போதுதான் பேச்சே எழும்.

நோட்டு இன்னொன்றையும் காட்டும். தள்ளுபடியை எடுத்துக்கொள்ளாத கம்பெனி 30ஆம் நாளில் கொடுக்கிறதா? நம் எடுத்துக்காட்டில் அவர்கள் 16ஆம் தேதியிலிருந்து 30 நாள் எண்ணினால் மார்ச் 18. அடுத்த பட்டுவாடா நாள் மார்ச் 25. ‘நெட் 30’ என்று எழுதிய பணம் பில்லிலிருந்து 50ஆம் நாள் வருகிறது. எப்போதும் இப்படித்தான் கொடுப்பார்கள் என்று தெரிந்தால், தள்ளுபடியின் விலையும் மாறுகிறது. பிப்ரவரி 25க்கும் மார்ச் 25க்கும் இடையே 28 நாள். வட்டி இரண்டு அளவுக்கு இறங்கும். தாளில் உள்ள கெடுவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவர்கள் உண்மையில் பணம் கொடுக்கும் நாளை வைத்துப் போடுங்கள்.

இந்த 50 நாளும் நிறுவனத்தின் பணம் மட்டும் முடங்குவதில்லை. விரலி கொடுத்த உறுப்பினர் காத்திருக்கிறார். அவருக்கு வெட்டுக்கூலியும் வேகவைத்த செலவும் அப்போதே கொடுத்தாக வேண்டும். நிறுவனம் தாமதித்தால் அடுத்த லோடை அவர் ஏலத்துக்குத்தான் கொண்டுபோவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சட்டம் எண்ணும் நாள்

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அது சொல்வது எளிது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் எந்த ஒப்பந்தமும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றுமே இல்லை என்றால் கெடு 15 நாள்தான். ஆகவே ‘நெட் 60’, ‘நெட் 90’ என்று எழுதி வாங்கினாலும், சட்டத்தின் முன் அது 45 நாள்தான். வாய்ப்பேச்சில் சரக்குக் கொடுத்தவர்கள் தமக்கு ஒரு பிடியும் இல்லை என்று நினைக்கிறார்கள். கெடு விஷயத்தில் அவர்கள் நிலைமை இன்னும் பலமானது.

எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதையும் அந்தச் சட்டம் சொல்கிறது. சரக்கு இறங்கிய நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். தரத்தில் குறை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; அப்படித் தெரிவித்தால் மட்டுமே, அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்து எண்ணலாம். ‘ஆய்வக அறிக்கை வரவில்லை’, ‘பில் இன்னும் ஏறவில்லை’ என்பதெல்லாம் கணக்கில் வராது. நம் எடுத்துக்காட்டில் சட்டம் எண்ணுவது பிப்ரவரி 5லிருந்து. 45 நாள் முடிவது மார்ச் 22. மார்ச் 25 அன்று கொடுத்தால் அந்த உச்சவரம்பையே மூன்று நாள் தாண்டியாகிவிட்டது.

தாமதத்துக்கு வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 5.75 சதவீதம் என்றால் தாமத வட்டி 17.25 சதவீதம். பர்ச்சேஸ் ஆர்டரில் ‘பில் தேதியிலிருந்து 30 நாள்’ என்று தெளிவாக எழுதியிருந்தால் மார்ச் 5ஓடு கெடு முடிந்தது; 20 நாள் தாமதத்துக்கு 8,40,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 7,900 ரூபாய் வட்டி நம்முடைய உரிமை. கேட்கிறோமா என்பது வேறு. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானதுதான். ஒரு பில்லுக்கு வட்டி கேட்டு வழக்காடும்படி நான் சொல்லவில்லை. தள்ளுபடி பற்றிப் பேச உட்காரும்போது இந்த எண் மேசையில் இருக்கட்டும். பணம் மொத்தமாகவே நின்றுபோனால், இணையதளம் வழியாக மாநிலத்தின் குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றத்தில் மனுப்போடலாம்.

வாங்குபவருக்கு உண்மையில் வலிப்பது வேறொன்று. 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து, வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு மேலே சொன்ன கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தக் கொள்முதலை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். அதாவது கொடுக்காத பணத்தை லாபமாகக் கருதி வரி கட்ட வேண்டியிருக்கும். 2024 தொடக்கத்தில் வணிகச் சங்கங்கள் இதைத் தள்ளிவைக்கச் சொல்லிக் குரல் எழுப்பின. பெரிய கம்பெனிகள் சிறு நிறுவனங்களை விட்டுவிட்டுப் பதிவில்லாதவர்களிடம் வாங்கப் போய்விடும் என்ற அச்சமும் அப்போது பேசப்பட்டது. அந்த அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். சரக்கு எங்கும் கிடைக்கும் என்றால் அப்படித்தான் போவார்கள். குறிப்பிட்ட ரக மஞ்சள், எச்சமில்லாத பொடி என்று நம்மிடம் தனியாக ஏதாவது இருந்தால்தான் சட்டமும் கைகொடுக்கும்.

இந்தப் பிரிவின் பலம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இல்லை. ஜூனில் வாங்கி நவம்பரில் பணம் கொடுத்தாலும், இரண்டும் ஒரே நிதியாண்டுக்குள் வருவதால் வாங்கியவருக்கு வரியில் இழப்பில்லை. மார்ச் 31 அன்று பாக்கி நிற்கும் பில்களில்தான் அது கடிக்கும். மஞ்சள்காரர்களுக்கு இது வாய்ப்பாக அமைகிறது. நம் அறுவடையும் அரவையும் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டியே வருகின்றன. நம் எடுத்துக்காட்டில் மார்ச் 25 பட்டுவாடாவைத் தவறவிட்டு ஏப்ரல் 10 அன்று கொடுத்தால், கம்பெனி எட்டு லட்ச ரூபாய்ச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் இழக்கும். மார்ச் முதல் வாரத்தில் அவர்களின் கணக்குப் பிரிவுக்கு ஒரு பாக்கிப் பட்டியலை அனுப்பி, ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே 45ஆம் நாளைக் குறித்துவிட்டால், பேச்சில்லாமலே பல பில்கள் நகர்கின்றன.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் இல்லை. முதலில், நிறுவனம் உத்யம் பதிவு பெற்றிருக்க வேண்டும்; அதுவும் சரக்குக் கொடுப்பதற்கு முன்பே. பிரச்சினை வந்தபின் பதிவு செய்தால் பழைய பில்லுக்குக் கேட்பது கடினம். இரண்டாவது, வாங்கி விற்கும் வியாபாரம் மட்டும் செய்பவருக்கு இது பொருந்தாது. 2021 ஜூலையில் வியாபாரிகளும் உத்யம் பதிவு பெறலாம் என்று அரசு அறிவித்தது. அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும்தான், தாமதப் பணம் பற்றிய பாதுகாப்பு அதில் சேராது. உறுப்பினரிடம் விரலி வாங்கி விரலியாகவே விற்றால் நீங்கள் வியாபாரி. அரைத்துப் பொடியாக்கி விற்றால் உற்பத்தியாளர். பதிவுச் சான்றில் எந்தத் தொழில் எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்; பொடி அரைக்கும் நிறுவனம் சான்றில் ‘வியாபாரம்’ என்று மட்டும் போட்டிருந்தால் உடனே திருத்துங்கள். சுத்தம் செய்து தரம் பிரித்து மட்டும் விற்பவர்கள் எந்தப் பக்கம் சேர்வார்கள் என்பதில் வாதம் வரலாம். ஆடிட்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அளவு பற்றிக் கவலை வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனத்துக்கான விற்றுமுதல் வரம்பு 100 கோடி. நம் உழவர் நிறுவனங்களில் பெரும்பாலானவை அதற்கு வெகு கீழே இருக்கின்றன.

தனியாக விளைபொருளை விற்கும் உழவருக்கு இந்தச் சட்டம் இல்லை. கரும்பு மட்டும் விதிவிலக்கு. அதற்குத் தனி ஆணை உண்டு. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு இறங்கிய 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. இதுவும் ஒரு ‘நெட் 14’தான். ஆணை இருந்தும் நிலுவை எப்படி நின்றது என்று கரும்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெடு எழுதியிருப்பது ஒன்று, அதைக் கேட்டு வாங்குவது இன்னொன்று.

தள்ளுபடி கொடுக்காமலே சீக்கிரம் பணம்

பணம் உடனே வேண்டும், வங்கி வரம்பும் இல்லை என்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ட்ரெட்ஸ் என்ற மின்னணுத் தளங்கள்; ரிசர்வ் வங்கி அனுமதி பெற்று ஆர்.எக்ஸ்.ஐ.எல்., எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை இதை நடத்துகின்றன. நீங்கள் பில்லைத் தளத்தில் ஏற்றுவீர்கள். வாங்கிய கம்பெனி ‘ஆம், இந்தத் தொகையை இந்தத் தேதியில் தர வேண்டும்’ என்று அதிலேயே ஒப்புக்கொள்ளும். பிறகு வங்கிகள் அந்தப் பில்லுக்கு வட்டி கேட்டு ஏலம் எடுக்கும். குறைந்த வட்டி கேட்டவரை நீங்கள் ஏற்றால் வட்டியைக் கழித்துப் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். கெடு நாளில் வங்கி கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும். கம்பெனி தவறினாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது.

இதில் வட்டி, கம்பெனியின் நாணயத்தைப் பார்த்து முடிவாகிறது, உங்களுடையதைப் பார்த்து அல்ல. சின்ன நிறுவனத்துக்கு அதுதான் லாபம். 9 சதவீதத்துக்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொண்டால், நம் மஞ்சள் பில்லைப் பிப்ரவரி 16 அன்று ஏற்றி மார்ச் 5 வரை 17 நாளுக்கு ஏறக்குறைய 3,500 ரூபாய். அதோடு தளக் கட்டணம். 16,000 ரூபாய்த் தள்ளுபடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் இந்தத் தளங்களில் சேர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. சேர்வது கட்டாயம், ஆனால் சேர்ந்த பிறகும் உங்கள் பில்லை அவர்கள் தளத்தில் ஒப்புக்கொண்டால்தான் ஏலம் நடக்கும். ஆர்டர் பேசும்போதே ‘எந்தத் தளத்தில் இருக்கிறீர்கள், எங்கள் பில்லை எத்தனை நாளில் ஏற்பீர்கள்’ என்று கேட்டுவிடுவதுதான் சரி. லோடு இறங்கிய பிறகு கேட்டால் பதில் வராது.

நாம் வாங்கும் பக்கம்

இதே கணக்கு நாம் வாங்குபவராக இருக்கும்போது தலைகீழாகிறது. நிறுவனத்தின் இடுபொருள் கடைக்குச் சொட்டுநீர்க் குழாயும் பூச்சிமருந்தும் 3 லட்ச ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். விநியோகஸ்தர் 7 நாளில் கொடுத்தால் 3 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி, இல்லையேல் 45 நாள் என்கிறார். 38 நாள் தாமதிப்பதற்கு 9,000 ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம். கிட்டத்தட்ட இரண்டரை வட்டி. வங்கியில் ஒரு வட்டிக்கு 2,91,000 ரூபாயை 38 நாளுக்கு எடுத்தால் ஆகும் செலவு 3,700 ரூபாய்க்குள். கடன் வாங்கியாவது இந்தத் தள்ளுபடியைப் பிடித்தால் 5,300 ரூபாய் மிச்சம். ‘கடனுக்குத்தானே கிடைக்கிறது, எதற்கு அவசரம்’ என்று 45ஆம் நாள் வரை இழுப்பதைத் திறமை என்று நினைப்பவர்கள் பலர். விற்கும்போது தள்ளுபடி கொடுக்காமல் இருப்பதும், வாங்கும்போது தள்ளுபடியை விடாமல் பிடிப்பதும் ஒரே நிறுவனம் செய்ய வேண்டிய காரியங்கள். இரண்டுக்கும் தேவை ஒரு வங்கி வரம்பு.

தனி உழவருக்கும் இது பொருந்தும். உரக்கடையில் கையில் காசு கொடுத்தால் 1,000 ரூபாய், அறுப்புக்குப் பிறகு தந்தால் 1,100 ரூபாய் என்று சொல்லும் மருந்துக்கு, நான்கு மாதத்தில் 100 ரூபாய் கூடுகிறது; இரண்டரை வட்டி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் கெடு தவறாமல் கட்டினால் வட்டியே இல்லாத பயிர்க்கடன் இருக்கும்போது, பலர் கடையில் இரண்டரை வட்டி கொடுக்கிறார்கள். கடைக்காரர் அதை வட்டி என்று சொல்வதில்லை. அதனால் நமக்கும் அது வட்டியாகத் தெரிவதில்லை.

பில்லில் எழுத வேண்டியது

பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆர்டரை மாற்ற முடியாது என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டாம். விலையை மாற்றமாட்டார்கள், நாள் எண்ணும் முறையைத் தெளிவாக்க ஒப்புக்கொள்வது உண்டு. ஆர்டரை ஏற்கும் மின்னஞ்சலிலும், பிறகு ஒவ்வொரு பில்லின் அடியிலும், இதுபோல எழுதுங்கள்: ‘தொகை செலுத்த வேண்டிய கெடு: பில் தேதியிலிருந்து 30 நாள், அதாவது மார்ச் 5. பிப்ரவரி 13க்குள் பணம் எங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்தால் மட்டும், வரிக்கு முந்தைய மதிப்பில் 2 சதவீதம் தள்ளுபடி. தாமதத்துக்குக் குறு, சிறு நிறுவனச் சட்டப்படி வட்டி.’ அதன் கீழே உத்யம் பதிவு எண். நாள் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல் தேதியையே எழுதுவது முக்கியம். ‘30 நாள்’ என்பதை அவர்கள் கணினி தன் விருப்பப்படி எண்ணும். ‘மார்ச் 5’ என்பதை வேறு மாதிரி எண்ண முடியாது. ‘மாத முடிவிலிருந்து 30 நாள்’ என்று ஆர்டரில் இருந்தால் கவனியுங்கள்: பிப்ரவரி 3 பில்லுக்கும் பிப்ரவரி 28 பில்லுக்கும் கெடு ஒன்றே. அப்படிப்பட்ட கம்பெனிக்கு லோடை மாதத் தொடக்கத்தில் அனுப்புவதைவிட முந்தைய மாத இறுதியில் அனுப்புவது நல்லது.

தள்ளுபடி நிபந்தனையை முன்கூட்டியே எழுதி வைப்பதற்கு வரிக் காரணமும் உண்டு. முழு மதிப்புக்கு ஜி.எஸ்.டி. கட்டியிருப்போம், பிறகு கொடுத்த தள்ளுபடிக்கான வரியைக் குறைத்துக்கொள்ள, குறிப்பிட்ட பில்லோடு இணைத்துக் கிரெடிட் நோட் போட வேண்டும். எழுத்தில் ஆதாரமில்லாத தள்ளுபடிக்கு அதைச் செய்யப்போனால் கேள்வி வரும். நம் எடுத்துக்காட்டில் அந்த வரி 800 ரூபாய்தான். ஆண்டுக்கு முப்பது லோடு போனால் 24,000.

ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே வாங்குபவருக்கு ஒரு கெடுவும் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்தப் பில்லுக்கு அவர் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகுதான் மீண்டும் எடுக்கலாம். நான்கைந்து மாதமாக நிற்கும் பழைய பாக்கிக்குக் கடிதம் எழுதும்போது, பில் எண்ணுக்கு எதிரே அந்த 180ஆம் நாளையும் குறித்து அனுப்புங்கள். பிப்ரவரி 3 பில்லுக்கு அது ஆகஸ்ட் 2.